வயது 27, அனுபவம் 9

மனிதவளத் துறையில் வேலை பார்த்தவன் ஓய்வு பெற்றாலும் ரெஸ்யூம்கள் அவனை விடுவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது போனை நீட்டி, "சார், இது சரியா வந்திருக்கா பாருங்க" என்பார்கள். எழுத்துப் பிழைகளைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். "அனுபவம் எத்தனை வருஷம்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டால் மட்டும் சட்டென்று போனை வாங்கிக்கொண்டு, "மோர் ஊத்துங்கப்பா" என்று அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

என் அக்கா மகனுக்கு அப்படித் திரும்ப வழியில்லை. என் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் வெப் டிசைனர். விண்ணப்பிக்க நினைத்த வேலைக்கு, டிசைன் செய்ததில் குறைந்தது 5 வருட அனுபவம் கேட்டிருந்தார்கள். அவனுடைய ரெஸ்யூமின் நெற்றியில் "9 வருட அனுபவம்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. பையனுக்கு வயது 27. கல்லூரியை முடித்ததே 2019-ல்தான்.

"கூட்டிப் பாருங்க மாமா, கரெக்டா வரும்" என்றான்.

கூட்டிப் பார்த்தேன். கரெக்டாகத்தான் வந்தது. 2019 ஜூன் முதல் 2021 மே வரை ஒரு ஸ்டுடியோவில் பார்ட் டைம், 24 மாதம். 2020 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை ஃப்ரீலான்ஸ், 36 மாதம். 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை ஒரு கம்பெனியில் முழுநேரம், 24 மாதம். 2023 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை சனி ஞாயிறுகளில் ஒரு பயிற்சி நிலையத்தில் டிசைன் வகுப்பு, இன்னொரு 24. மொத்தம் 108 மாதம், அதாவது 9 வருடம். கூட்டலில் ஒரு குறையும் இல்லை. காலண்டர்தான் ஒத்துழைக்கவில்லை.

பழைய காலண்டரின் பின்பக்கத்தைத் திருப்பி மாதத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் அந்தந்தக் கட்டங்களில் ஒரு டிக் போடச் சொன்னேன். 2020 ஜனவரியில் ஸ்டுடியோவுக்கு ஒரு டிக், ஃப்ரீலான்ஸுக்கு ஒரு டிக். "இந்த ஜனவரி ரெண்டு தடவை வந்துச்சாடா?" என்றேன். ஒரே பட்டுச்சேலையை மூன்று கல்யாணத்துக்குக் கட்டிப் போனாலும் பீரோவில் இருப்பது ஒரு சேலைதான். டிக் எத்தனை விழுந்தாலும் கட்டம் ஒன்றுதான் என்று எண்ணியபோது, 2019 ஜூன் முதல் 2024 டிசம்பர் வரை 67 மாதம் வந்தது. 5 வருடம் 7 மாதம்.

"போதுமே! அஞ்சுதானே கேட்டிருக்காங்க" என்று எழப் பார்த்தான். உட்கார வைத்தேன். கடைசி ஆறு மாதக் கட்டங்களில் வகுப்பு எடுத்ததற்கான டிக் மட்டும்தான் இருந்தது. கற்பிப்பது நல்ல அனுபவம்தான். ரெஸ்யூமில் தனி வரியாகக் கௌரவமாக இருக்கட்டும். ஆனால் விளம்பரம் கேட்டது டிசைன் செய்த அனுபவம். அந்த ஆறையும் அடித்தேன். 61 மாதம். 5 வருடம் 1 மாதம். பையன் முகத்தில் சாப்பாட்டுக்கு முன்பிருந்த களை இல்லை.

அடுத்த கேள்வியை நான் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பழைய தொழில் புத்தி போகாது. "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்த்தே?"

ஸ்டுடியோவில் வாரம் 20 மணி நேரம், அதில் சண்டையில்லை. ஃப்ரீலான்ஸுக்கு "ஒரு 25 இருக்கும் மாமா" என்றான். ஃப்ரீலான்ஸில் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். வேலையே வராத மாதங்கள் மறந்துபோகும். இன்வாய்ஸ்களை எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எத்தனை நாள் உட்கார்ந்தான் என்று மெயில்களைப் பார்த்து எழுதினோம். மூன்று வருடத்துக்கும் சராசரி போட்டால் வாரம் 10 மணி நேரம்தான் தேறியது. "கிளையன்ட் பணம் தராம இழுத்தடிச்சப்போ போன் பண்ணின நேரத்தைச் சேர்த்துக்கலாமா?" என்றான். அது டிசைன் அனுபவம் இல்லை, வசூல் அனுபவம் என்றேன்.

வாரம் 40 மணி நேரத்தை முழுநேரம் என்று வைத்துக்கொண்டோம். முதல் 7 மாதம் பாதி நேரம். அதன் மதிப்பு மூன்றரை மாதம். அடுத்த 17 மாதம் இரண்டும் சேர்ந்து 30 மணி நேரம், முக்கால் பங்கு, பன்னிரண்டே முக்கால். பிறகு ஸ்டுடியோ போய், ஃப்ரீலான்ஸ் மட்டும் தனியே ஓடிய 13 மாதம் கால் பங்கு, மூன்றேகால். முழுநேர வேலையில் 24 மாதம். அதில் முதல் ஆறு மாதம் ராத்திரி ஃப்ரீலான்ஸும் உண்டு. ஆனால் ஒரு மாதத்தில் ஒரு மாத அனுபவத்துக்கு மேல் சேராது. ஆகக்கூடி நாற்பத்து மூன்றரை மாதம். 3 வருடம் ஏழரை மாதம்.

ஒரே பையன், ஒரே வாழ்க்கை, 9 வருடம், 5 வருடம் 7 மாதம், 5 வருடம் 1 மாதம், 3 வருடம் ஏழரை மாதம் என்று மேஜையில் நாலு விடை. "இதுல எது உண்மை?" என்றான், பரிதாபமாக.

முதலாவது மட்டும் பொய். மற்றவை எல்லாம் ஒவ்வொரு கேள்விக்கான உண்மை. பிஎம்பி சான்றிதழுக்கு நாலு வருட டிகிரிக்காரர்களிடம் புராஜெக்ட்டுகளை நடத்திய 36 மாத அனுபவம் கேட்கிறார்கள். ஒரே மாதத்தில் இரண்டு புராஜெக்ட் ஓடினாலும் அங்கே அது ஒரு மாதம்தான். கட்டம் எண்ணும் கட்சி. கனடாவில் வேலை பார்த்தவர்கள் அங்கேயே குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிக்கும் கனடிய அனுபவப் பிரிவு, மணி நேரம் எண்ணும் கட்சி. ஒரு வருட அனுபவம் என்றால் 1,560 மணி நேரம். வாரம் 30 வீதம் 52 வாரம். பார்ட் டைம் வேலைகளைச் சேர்த்தும் அதை எட்டலாம். ஆனால் வாரத்தில் 30-க்கு மேல் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அது கணக்கில் ஏறாது. சொந்தத் தொழிலும் ஃப்ரீலான்ஸும் அந்தப் பிரிவில் பொதுவாகச் செல்லாது. ராப்பகலாக மூன்று வேலை பார்த்து ஒரே வருடத்தில் இரண்டு வருட அனுபவத்தோடு வந்து நிற்பவர்களை அவர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள் போலும்.

இவனுடைய விளம்பரம் எந்தக் கட்சி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படியானால் நாமாக நமக்குப் பிடித்த கட்சியில் சேர்ந்துவிடக் கூடாது. இரண்டையும் எழுதிவிட வேண்டியதுதான். "டிசைன் அனுபவம்: 5 வருடம் 1 மாதம். இதில் முழுநேரம் 2 வருடம். மீதி பார்ட் டைம், ஃப்ரீலான்ஸ். முழுநேரக் கணக்கில் சுமார் மூன்றரை வருடம்" என்று மாற்றினோம். ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் வார மணி நேரம்.

"இதைப் பார்த்தா கூப்பிடவே மாட்டாங்க மாமா."

சரிபார்க்கும்போது தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல் என்றேன். முழுநேர வேலைக்குப் பிஎஃப் கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். ஃப்ரீலான்ஸுக்கு டிடிஎஸ் பிடித்தவர்கள் படிவம் 26ஏஎஸ்ஸில் வருவார்கள். பிடிக்காத சின்ன கிளையன்ட்டுகளுக்கு இன்வாய்ஸும் வங்கியில் விழுந்த பணமும்தான் சாட்சி. ஸ்டுடியோவுக்குப் போன் போட்டால், "அவனா? சாயங்காலம் வந்து போவான்" என்பார் முதலாளி. அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்பது வருடமும் கவிழ்ந்துவிடும்.

நிறுவனத்துக்கு ஒரு மெயிலும் போட்டான்: பகுதிநேர அனுபவத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? இரண்டு நாளில் பதில் வந்தது. மாதக் கணக்கே போதும், ஃப்ரீலான்ஸுக்கு இன்வாய்ஸ் நகல் வேண்டும், நேர்காணல் வியாழக்கிழமை. பையன் துள்ளிக் குதித்தான்.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏன்டா தம்பி, பொண்ணு வீட்டுக்கு அனுப்பின ஜாதகத்தோட ஒம்பது வருஷ சர்வீஸ்னு எழுதிக் குடுத்துட்டேனே. பொண்ணோட அப்பா பேங்க்ல ஆடிட்டரா இருந்தவராம். நேத்து போன் பண்ணி, மாப்பிள்ளை பதினெட்டு வயசுலேயே வேலைக்குப் போயிட்டாரா, குடும்பத்துல அவ்வளவு கஷ்டமான்னு விசாரிக்கிறார். அவரு எந்தக் கட்சிடா?"