ஆச்சரியக்குறி அண்ணாச்சி

நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில் பிரான்ஸ் தேசத்துக்கு வேலை நடக்கிறது. லியோனில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே வெயில்காலத்தில் பன்னிரண்டரை, அங்கே குளிர் வந்துவிட்டால் ஒன்றரை. ஆகவே நம்மாள் தீயலும் புளிசேரியும் ஊற்றிச் சோறு உண்டு, ஒரு ஏப்பத்தோடு மடிக்கணினியைத் திறப்பார். மார்த்தாண்டத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை இப்போது இந்த ஜாதி நிறைய உண்டு. பொறியியல் படித்தவர், சென்னையில் நாலைந்து வருஷம் இருந்தவர், அலையன்ஸ் பிரான்சேஸில் ஏ2 வரை எட்டிப் பார்த்தவர், பிறகு ஊர்க்காற்று இழுக்க வீட்டோடு வந்து சேர்ந்தவர். எங்கள் தெருவில் அவருக்கு ஆச்சரியக்குறி அண்ணாச்சி என்று பெயர். அவருக்கு மட்டும் அது தெரியாது.

அவருடைய மின்னஞ்சலைப் பார்த்தாலே பெயர்க்காரணம் விளங்கும். தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி. முதல் வரியில் கூப்பிய கை. நடுவில் கண்ணீர் வரச் சிரிக்கும் ஒரு மஞ்சள் மூஞ்சி. கடைசியில் மறுபடியும் கூப்பிய கை, இந்த முறை இரண்டு. கேட்டால் நியாயம் சொல்வார். “முகம் தெரியாத இடத்துல நாமதானே ஒரு முகத்தை வைக்கணும்?” இதில் அவர் சொல்வது தப்பில்லை. 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் என்ற கணினிப் பேராசிரியர் `:-)` என்பதை முன்மொழிந்ததே இதற்காகத்தான். எழுத்தில் போட்ட பகடியை ஆட்கள் நிஜமென்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள்.

லியோனில் இருக்கும் தரக்கட்டுப்பாட்டு அம்மாளுக்கோ அந்த முகம் போய்ச் சேரவே இல்லை. அவுட்லுக்கில் `:)` என்று தட்டினால் சில சமயம் அது தானாக விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிப்பாக மாறிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் அந்த எழுத்துரு வேலை செய்யாவிட்டால் அதே இடத்தில் மொட்டையாக `J` என்று தெரியும். அண்ணாச்சியின் மடல்கள் பல வாரம் “நன்றி J” என்றும் “கொஞ்சம் தாமதமாகும் J” என்றும் போய் இறங்கியிருக்கின்றன. ஒருநாள் அந்த அம்மாள் பணிவாகக் கேட்டார்: இந்த ஜே அவர்களையும் இனிமேல் நகலில் சேர்க்க வேண்டுமா?

ஆச்சரியக்குறி விஷயம் இன்னும் நுணுக்கம். பிரெஞ்சில் அதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட வேண்டும், கேள்விக்குறிக்கும் அப்படியே. அவர்கள் `Merci !` என்று எழுதுவார்கள். நம்மாள் `Merci!!!` என்று எழுதுவார். வாசிப்பவருக்கு முதலில் ‘இவர் வெளியாள்’ என்று தெரியும், அடுத்த நொடியில் ‘கத்துகிறார்’ என்றும் தெரியும். ஒற்றைக் குறிக்கு அங்கே ஒரு குறையும் கிடையாது. நன்றிக்குப் பின்னும், மடலின் முடிவில் நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தும்போதும் தாராளமாகப் போடலாம். அதை ஒரு கோரிக்கையின் வாலில் கட்டும்போதுதான் வினை. “அறிக்கையை இன்று அனுப்புங்கள்!!!” என்பதை அண்ணாச்சி உற்சாகமாக எழுதுகிறார். லியோனில் அது மேஜையைத் தட்டிய சத்தமாகக் கேட்கிறது.

எல்லாவற்றுக்கும் உச்சம் வேலைநிறுத்த மடல். ஒரு பரிசோதனை அறிக்கை வரவேண்டியிருந்தது, வரவில்லை. அண்ணாச்சி எழுதினார்: “போன்ஜூர்!!! அறிக்கை இன்னும் வரவில்லை மதாம், உங்கள் ரயில்கள் மாதிரி அதுவும் வேலைநிறுத்தமோ?” பின்னால் சிரிக்கும் மூஞ்சி, கூப்பிய கை. நகலில் நாலு பேர், அதில் ஒருவர் அந்த அம்மாளின் மேலாளர். பதில் இரண்டே வரியில் வந்தது. அறிக்கை பன்னிரண்டாம் தேதியே அனுப்பப்பட்டுவிட்டது. கீழே, கோர்தியால்மான்.

அண்ணாச்சி அதைத் தெருவுக்கே காட்டினார். “பாத்தீரா ஓய், கோர்தியால்மான்னு போட்டிருக்கா. மனசு நெறஞ்சு எழுதியிருக்கா!”

அங்கே மடலின் வெப்பநிலையை அளக்கும் காய்ச்சல்மானியே அந்தக் கடைசிச் சொல்தான். நேற்றுவரை அந்த அம்மாள் ‘பியன் கோர்தியால்மான்’ என்று முடித்துக்கொண்டிருந்தார். இன்று ‘பியன்’ போய்விட்டது. ஒரு படி இறங்கியாயிற்று. `Cdt` என்று மூன்றெழுத்தாகச் சுருங்கினால் சிலருக்கு அது வெறும் அவசரம், சிலருக்குக் கதவைச் சாத்தியது. எதிர்த்திசையில் ‘பியன் ஆ வூ’ என்றாலோ, ‘ஆ பியாந்தோ’ என்றாலோ வெயில் ஏறுகிறது என்று அர்த்தம். ‘பீஸ்’ என்று முத்தத்தில் முடிப்பது நெருங்கிப் பழகிய சகாக்களுக்குள் மட்டும். அண்ணாச்சி அந்தச் சொல்லை இன்னும் அறியாதது இரு நாட்டு உறவுக்கும் நல்லது. தனி மடலைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே ஆளின் பழைய மடலோடு ஒப்பிட்டால்தான் ஏற்றமும் இறக்கமும் தெரியும்.

நாங்கள் இதைச் சொன்னபோது அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. உடனே ராக்கெட்டை எடுத்தார். “நம்ம நாரோயில்ல பொறந்த நம்பி நாராயணன் பிரெஞ்சுக்காரனோட சேந்து எஞ்சினே செஞ்சிருக்காரு. அந்த விகாஸ் எஞ்சின இந்தா மகேந்திரகிரியில வச்சுதானே சோதிக்கான்? நான் ஒரு ஸ்மைலி போடப்பிடாதாவே?”

சரித்திரம் சரிதான். 1974-இல் எஸ்.இ.பி. என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. விகாஸுக்கு மூலமான வைக்கிங் எஞ்சினின் தொழில்நுட்பத்துக்கு விலையாக நம் பொறியாளர்களின் உழைப்பையே கொடுத்தார்கள். பெரிய கூட்டம் ஒன்று பிரான்ஸ் போய் வெர்னோன் நகரில் வேலை செய்தது. ஆனால் அண்ணாச்சி ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர்கள் அங்கே ஒரே கூடத்தில் நின்று, ஒரே மேஜையில் சாப்பிட்டு, வருஷக்கணக்கில் முகம் பார்த்துப் பழகியவர்கள். பிரெஞ்சு நகைச்சுவையில் பாதி, சொல்வதற்கு நேரெதிராக அர்த்தம் கொள்ள வேண்டியது. புருவமும் உதட்டோரமும் சேர்ந்தால்தான் அது பகடி. மின்னஞ்சலில் புருவம் போகாது. ஆகவே மேஜையில் ஓயாமல் கிண்டலடிக்கும் மனிதரே அலுவலக மடலில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதுவார். தவிர, வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பகடி செய்யும் உரிமை அவர்களுக்கு மட்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் சாம்பார் சரியில்லை என்று நாமே சொல்லலாம், சம்பந்தி சொன்னால் நடக்கிறதே வேறு.

சரி, மூஞ்சி போடாமல் அந்த மடலை எப்படி எழுதுவது? பிரெஞ்சுக்காரர் இந்தக் காரியத்துக்குப் படத்தைத் தேடுவதில்லை, இலக்கணத்திலேயே வைத்திருக்கிறார். அண்ணாச்சிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் புதுச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருடைய மாமனார். “போன்ஜூர் மதாம்” என்று தனி வரி, பின்னால் காற்புள்ளி போதும். இதை மட்டும் விட்டுவிடாதே, போன்ஜூர் இல்லாத மடலை எந்த மூஞ்சியும் காப்பாற்றாது என்றார். அடுத்து ‘சோஃப் எரர் த மா பார்’. என் பக்கம் பிழை இல்லையென்றால் அறிக்கை எனக்கு வந்து சேரவில்லை என்று தொடங்க வேண்டும். குற்றம் முழுவதும் எதிராளியுடையது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்போதுதான் இந்தத் தொடர் மிக அழகாக உட்காரும். பிறகு ‘அனுப்புங்கள்’ என்று சொல்லாமல் ‘அனுப்ப முடியுமா’ என்று நிபந்தனை வடிவில் ஒரு கேள்வி. நினைவூட்டல் என்றால் அதற்கு முன் ‘சின்ன’ என்று ஒரு சொல். முன்கூட்டியே நன்றி. பியன் கோர்தியால்மான். ஒரு மஞ்சள் மூஞ்சியும் இல்லை, ஆனால் மடல் சிரித்த முகமாகவே போகும்.

இப்படி ஒரு மடலை அண்ணாச்சி வியர்வை சிந்தி எழுதி அனுப்பினார். அரைமணி நேரத்தில் அறிக்கை வந்தது. முன்பு அனுப்பியது வேறு முகவரிக்குப் போயிருந்ததாம், மன்னிக்கவும் என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். ‘பியன்’ திரும்பி வந்திருந்தது.

ஆளை எடைபோடுவதில் அண்ணாச்சிக்கு இன்னொரு சறுக்கல் இருந்தது: வயதைப் பார்ப்பார். இளையவன் என்றால் எல்லாம் செல்லும் என்பது அவர் கணக்கு. நாந்த் நகரத்தில் ஒரு பையன், டீம்ஸ் அரட்டையில் மூஞ்சியாகவே பேசுவான், நீ நான் என்றுதான் பழக்கம். அதே பையன் வங்கி வாடிக்கையாளர் நகலில் இருக்கும் மின்னஞ்சலில் ‘வூ’ என்று மரியாதை போட்டு, மெஸ்யூ மதாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறான். அரட்டைக்கு ஒரு சட்டை, மடலுக்கு ஒரு சட்டை. நகலில் இருப்பவர்களில் யார் மிகவும் விறைப்போ, அவருக்காகவே மடலை எழுத வேண்டும். ஏனென்றால் முன்னனுப்பினால் பகடி அந்தப் பையனைத் தாண்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. தூதரகம், வரி அலுவலகம், வக்கீல் இவர்களுக்கு மூஞ்சி என்ற பேச்சே வேண்டாம். விளம்பரக் கம்பெனி என்றால் அவர்களே முதல் மடலில் போட்டுவிடுவார்கள்.

முதலில் போடுவது யார் என்பதுதான் கேள்வி. ‘நீ’ என்று அழைத்துக்கொள்ளலாமா என்பதை அங்கே மூத்தவரோ பதவியில் மேலே இருப்பவரோ முன்வைப்பதுதான் வழக்கம். கீழே இருப்பவர் காத்திருப்பார். மூஞ்சிக்கும் அதே முறையை வைத்துக்கொண்டால் தப்பு வராது. அவர் ஒன்று போட்டால் நாமும் ஒன்று, அதே அளவில். அவர் இரண்டு மடலாகப் போடவில்லை என்றால் நாமும் நிறுத்திவிட வேண்டும்.

அண்ணாச்சி காத்திருந்தார். அவர் காத்திருந்த அழகைப் பார்க்க வேண்டுமே! விரல் ஆச்சரியக்குறி மேல் போகும், திரும்பி வரும். ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் லியோன் அம்மாளே எழுதினார்: ரயில் ஓடவில்லை, நாளை வீட்டிலிருந்து வேலை, வழக்கம்போல `;)`. அண்ணாச்சி பாய்ந்துவிடுவார் என்று நாங்கள் பயந்தோம். இல்லை. இங்கே மழையில் மின்சாரம் போய்விட்டது, என் பாட்டரியும் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகிறது என்று எழுதி, ஒரே ஒரு `;)` வைத்தார். கேலி இந்தமுறை அவர் பாட்டரி மீது, யார் ரயில் மீதும் இல்லை. பதிலின் கீழே ‘பியன் ஆ வூ’ இருந்தது. அன்று தெருவில் எல்லோருக்கும் நேந்திரங்காய் வறுவல்.

இப்போது சிக்கல் வேறு திசையில். பழக்கம் முற்றிப்போய், போன வாரம் தக்கலையில் அத்தை மகனுக்கு வேலை கிடைத்த செய்தி குடும்ப வாட்ஸாப்பில் வந்தபோது, “வணக்கம் அத்தை, மகிழ்ச்சி. வாழ்த்துகள்.” என்று முற்றுப்புள்ளி வைத்து அனுப்பியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் அத்தை போனில்.

“மக்கா, நாங்க உனக்கு என்னடே செஞ்சோம்? எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?”