பச்சை அம்பு வேண்டுமா?

ஜவுளிக்கடை டாஷ்போர்டில் 2024 அக்டோபர் விற்பனை அட்டை, 'போன வருஷம் இதே மாதம்' என்ற ஒப்பீட்டில் பச்சை அம்பைக் காட்டி வானத்தைப் பார்த்தது. மேலாளருக்குப் பாராட்டு. நவம்பரில் அதே அம்பு சிவந்து தரையைப் பார்த்தது. மேலாளருக்கு மெமோ. பாவம், அவர் இரண்டு மாதமும் ஒரே மாதிரிதான் வேலை பார்த்தார். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. இடம் மாறியது பண்டிகை.

தீபாவளிக்கு முந்தைய 30 நாளை, முந்தைய ஆண்டுத் தீபாவளிக்கு முந்தைய 30 நாளோடு ஒப்பிட்டிருந்தால் மெமோவுக்குக் காகிதம் மிச்சம். ஆனால் அப்படிச் செய்தால் அம்பு சின்னதாகிவிடும். மீட்டிங்கில் எதைக் காட்டுவது?

பக்கத்து அட்டை இன்னும் உற்சாகம்: 'திரும்பி வந்த சேலைகள்'. அதிலும் மேல்நோக்கிய பச்சை அம்பு! ஏறினால் பச்சை என்று யாரோ எல்லா அட்டைக்கும் ஒரே விதி எழுதிவிட்டார்கள். அம்பு திசையைச் சொல்லட்டும், நிறம் நல்லதா கெட்டதா என்று சொல்லட்டும் என்றால் கேட்பதில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கணக்காளர் ஒருவர்தான் அங்கே நிம்மதியாக இருக்கிறார். அவர் எண்ணை மட்டும் படிக்கிறார்.