டிக்கெட் போட்டாச்சு அண்ணாச்சி

அவர் லீவு கேட்கமாட்டார். டிக்கெட் போட்டாச்சு என்று தகவல் சொல்வார்.

உங்கள் அலுவலகத்திலும் இருப்பார். எங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் நெல்லைக்காரர் என்பதால் அண்ணாச்சி. மற்ற நாளெல்லாம் மேனேஜர் அறைக்குள் நுழையக் கதவைத் தட்டிவிட்டுப் பத்து விநாடி நிற்கிற மனுஷன். பண்டிகை நெருங்கினால் மட்டும் நேராக உள்ளே போய், “சார், டிக்கெட்டு போட்டாச்சு. இனி என்னத்தச் செய்ய?” என்று கேட்பார். ஏதோ விபத்து நடந்துவிட்டது, அதில் தனக்குச் சம்பந்தமில்லை என்கிற முகம்.

ரயில்வே 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தபோது, இனிமேல் அண்ணாச்சியின் கை கொஞ்சம் கட்டப்படும் என்று நம்பினோம். நடந்தது வேறு. 2026 ஜனவரி 13 இரவு நெல்லை எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு நவம்பர் 14 காலை எட்டு மணிக்குத் திறந்தது. எட்டு மணிக்கு யாருக்கும் பொங்கல் நினைவே இல்லை. ஒன்பதரைக்கு அண்ணாச்சி அலுவலகம் வந்தபோது அவர் குடும்பம் நாலு பேருக்கும் பெர்த் நம்பரோடு குறுஞ்செய்தி வந்திருந்தது. அதை மேனேஜரிடம் காட்டினார். பிறகு ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து காட்டினார். நான் கேட்காமலேயே, “ரெண்டு லோயர் பெர்த்து” என்று சேர்த்துச் சொன்னார்.

டிக்கெட் கிடைத்துவிட்டால், கேன்சல் செய்தால் காசு போயிரும் என்பது வாதம். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தாலோ வாதம் இன்னும் பலமாகிவிடும். “லீவு இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா இந்த நேரம் பார்த்து கன்ஃபார்ம் ஆயிரும் சார்” என்பார். ஒருமுறை சார்ட் தயாராகிற வரை வெயிட்டிங்கிலேயே கிடந்தது. அப்போது மொத்த அலுவலகமும், “பாவம் அண்ணாச்சி, லீவு இருந்தும் டிக்கெட் இல்லையே” என்று அவருக்காக உச்சுக்கொட்டியது. லீவே இல்லாதவர்களும் சேர்ந்துதான் உச்சுக்கொட்டினோம்.

இந்த ‘கேன்சல் செய்தால் காசு போயிரும்’ என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொழிலே அதுதானே. ஸ்லீப்பர் டிக்கெட்டை நாள் இருக்கும்போதே ரத்து செய்தால் ரயில்வே பிடிப்பது தலைக்கு 120 ரூபாய். நாலு பேருக்கு 480. இந்த 480 ரூபாய் பாழாகக் கூடாது என்பதற்காகத்தான் வருஷாவருஷம் பொங்கல் வாரத்தை அப்படியே அவர் கையில் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் இளகிய மனசுக்காரர். அடுத்தவர் பணம் வீணாவதை அவரால் பார்க்க முடியாது. எங்கள் பொங்கல் வீணாவதைப் பார்ப்பதில் அவருக்குச் சிரமம் இருந்ததில்லை.

எல்லோருமே போய்விட முடியாதா என்றால், முடியாது. ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் கட்டக் கடைசி நாள் பதினைந்து. இந்த வருஷம் அதுவே பொங்கல் நாள். இருபதாம் தேதி 3பி. ஐந்து பேரில் இரண்டு பேராவது நாற்காலியில் இருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்பதற்கும் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர், “உங்களுக்குப் பொங்கல் இல்லையே மேடம்” என்று சொல்லி நிறுத்தப்படுகிற ஆம்பூர்க்காரம்மா. பொங்கல் விடுமுறையில்தான் அவர் அக்கா தங்கைகள் எல்லோரும் பிள்ளைகளோடு அம்மா வீட்டில் கூடுவார்கள் என்பதை ஒருவரும் கேட்டதில்லை. இன்னொருவர், “உங்களுக்கு என்ன, உள்ளூர்தானே” என்று சொல்லி நிறுத்தப்படுகிற நான்.

இந்தப் பொங்கல் முடிந்து அண்ணாச்சி அல்வாவோடு திரும்பி வந்த வாரம், நாங்கள் நாலு பேரும் ஒரு காகிதத்தோடு மேனேஜரிடம் போனோம். அல்வாவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம்.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான். பண்டிகைக்கு ஒன்று என்றில்லாமல், எல்லாப் பண்டிகைக்கும் சேர்த்து ஒரே வரிசை. பொங்கலோ ரம்ஜானோ கிறிஸ்துமஸோ, அந்த வாரம் லீவு வேண்டுமென்பவர்களில் வரிசையில் மேலே இருக்கும் மூன்று பேருக்குக் கிடைக்கும். எடுத்தவர் வரிசையின் அடிக்குப் போய்விடுவார். எடுக்காதவர் கீழே இறங்கமாட்டார். முடிவு, ரயில் முன்பதிவு திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே பலகையில் ஒட்டப்பட வேண்டும். அதற்குமுன் போட்ட டிக்கெட் அவரவர் பொறுப்பு. இந்தக் கடைசி வரிதான் உயிர்; மற்றதெல்லாம் அதற்கு உடம்பு. தொடக்க வரிசையில் இந்தப் பொங்கலுக்கு இருந்த ஆம்பூர்க்காரம்மா முதல், நான் இரண்டாவது. அண்ணாச்சி ஐந்தாவது.

படித்துவிட்டு அண்ணாச்சி கோபப்படவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது. “நல்ல ஏற்பாடு சார்” என்றார். “தீவாளிக்கு நானே இருக்கேன். பிள்ளைகள்லாம் ஊருக்குப் போயிட்டு வரட்டும்” என்றார். மேனேஜர் கண்ணில் ஏறக்குறைய நீர். எனக்கே ஒரு நிமிடம் நெகிழ்ந்தது. வெளியே வந்து காலண்டரைப் புரட்டினேன். 2026 தீபாவளி நவம்பர் 8. ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு அலுவலகமே கிடையாது. அதற்கு நாங்கள் முன்னும் பின்னும் லீவு போட்டு ஊருக்குப் போனால், வரிசையில் நாங்கள் அடிக்குப் போய்விடுவோம். ஆறாவது நாள் நவம்பர் 14. பொங்கல் முன்பதிவு திறக்கும்போது, தியாகம் செய்த அண்ணாச்சி வரிசையின் முதல் மூன்றுக்குள் உட்கார்ந்திருப்பார்.

திரும்பவும் உள்ளே போனேன். ‘பண்டிகையை ஒட்டி மூன்று வேலை நாளுக்குக் குறைவாக லீவு எடுத்தால் வரிசை மாறாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். திங்கள் ஒருநாள் போட்டவன் அடிக்குப் போகவேண்டியதில்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். “விவரமான ஆளுல்லா நீங்க” என்றார், உண்மையாகவே சந்தோஷப்பட்டு.

அவர் மேல் எனக்குப் பிரியம் இல்லாமலில்லை. ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். பொங்கப்பானைக்கு மஞ்சள் குலை கட்ட மகன் வந்தாக வேண்டும். அதெல்லாம் தெரியும். ஆனால் எனக்கும் அம்மா இருக்கிறார். உள்ளூரிலேயே இருக்கிற அம்மாவும் அம்மாதான். பொங்கலன்று காலை பானை பொங்கும் நேரத்தில் நான் லேப்டாப்பில் பி.எஃப். செலான் உருவாக்கிக்கொண்டிருந்ததை அவர் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

நேற்று மதியம் புதிதாகச் சேர்ந்த தம்பியோடு அண்ணாச்சி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்குக் கோவில்பட்டி, வரிசையில் மூன்றாவது.

“தீவாளிக்குப் போறதுன்னா சும்மா ஒருநா போட்டுட்டு ஓடி வரக்கூடாதுடே. திங்கள், செவ்வாய், புதன்னு போடு. அம்மா கையால நல்லாச் சாப்பிட்டுட்டு நிதானமா வா” என்றார்.

“டிக்கெட் கிடைக்காதே அண்ணாச்சி.”

“நவம்பர் 6 ராத்திரி வண்டிக்கு செப்டம்பர் 7 ஓப்பன் ஆவுது. காலைல எட்டு மணிக்கு நானே போட்டுத் தாரேன்” என்றவர், தன் பாக்ஸிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தார். “காசுகூட அப்புறமா குடு.”