திங்கட்கிழமைக் கடிதம்

மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வாராவாரம் திங்கட்கிழமை, சொற்பட்டியலோடு பெற்றோருக்கு ஒரு கடிதமும் பிள்ளைகளின் டைரியில் ஒட்டி அனுப்புவது வழக்கம். ஆரம்பத்தில் அது நான்கு வரி. இப்போது பக்கம் நிரம்பிவிட்டது. சேர்ந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

இந்த வாரப் பட்டியல் கிணற்றைச் சுற்றியது: கிணறு, கயிறு, வாளி, தவளை, பாசி, ஊற்று, படிக்கட்டு, இறைத்தல். கூடவே போன வாரச் சொற்கள் இரண்டு.

கடிதத்தின் முதல் விதி: ‘பத்துத் தடவை எழுத வைக்காதீர்கள்.’ பத்துத் தடவை எழுதும் பிள்ளையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘கி’. பிறகு பத்து ‘ண’. கடைசியில் பத்து ‘று’. கொத்தனார் செங்கல் வரிசை வைப்பதுபோல வேலை சுத்தமாக நடக்கும். கிணறு என்ற முழுச் சொல்லை மட்டும் பிள்ளை ஒருமுறைகூட எழுதியிருக்காது. முதல் வரியில் ‘கினறு’ என்று விழுந்துவிட்டால் பத்தும் கினறுதான். அடியில் அப்பாவின் கையெழுத்து வேறு.

அதற்குப் பதில் நான் கேட்பது இவ்வளவுதான். சொல்லைப் பார்க்கட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும், மூடிவைத்துவிட்டு எழுதட்டும், திறந்து தானே சரிபார்க்கட்டும். தவறிய எழுத்தை மட்டும் வட்டமிட்டுவிட்டு, மறுபடி பார்க்காமல் ஒருமுறை எழுதினால் போதும்.

இரண்டாவது விதி: ‘சொல்வதெழுதுதலில் விடையையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.’ “கி... மூணு சுழி ண... பெரிய று” என்று அம்மா சொல்ல, வீட்டில் பத்துக்குப் பத்து. வகுப்பில் நான் “கிணறு” என்று மட்டும் சொன்னால் ஐந்து. மறுநாள் வாசலில், “வீட்ல நல்லாத்தான் எழுதினான் மிஸ்” என்பார். எழுதினானா, எழுதப்பட்டானா என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டதில்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. நம் பேச்சில் ‘ர’வும் ‘ற’வும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. காதை நம்பினால் ‘கயிரு’தான் வரும். இங்கே கைகொடுப்பது பேச்சுத் தமிழேதான். “கெணத்துல விழுந்துச்சு, கயித்துல கட்டு” என்கிறோம் இல்லையா? அந்த ‘த்து’ எழுத்தில் ‘ற்று’: கிணற்றில், கயிற்றில். அதனால் சொல்லின் கடைசியில் இருப்பது ‘று’. சோறு, ஆறு, வயிறு எல்லாம் இப்படித்தான்: சோத்துல, ஆத்துல, வயித்துல. ‘தெரு’வைத் தெருவுல என்கிறோமே தவிர யாரும் தெத்துல என்பதில்லை; ஆகவே அங்கே சின்ன ‘ரு’. இது எல்லாச் சொல்லுக்கும் பலிக்காது. பலிக்காதவற்றில் ‘தவறு’ம் ஒன்று. அதைப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

மூன்றாவது விதி வாக்கியம் பற்றியது. பொருள் புரிந்ததா என்று பார்க்கத்தான் வாக்கியம் கேட்கிறோம். வந்தவை: ‘கிணறு எனக்குப் பிடிக்கும். பாசி எனக்குப் பிடிக்கும். தவளை எனக்கு மிகவும் பிடிக்கும்.’ எந்தச் சொல்லைப் போட்டாலும் நிற்கிற வாக்கியம் எதையும் காட்டாது. ‘பிடிக்கும்’ கூடாது என்று கடிதத்தில் எழுதினேன். அடுத்த வாரம் ஒரு பிள்ளை வாளி வாங்கியது, தவளை வாங்கியது, பாசியும் வாங்கியது. இப்போது கேள்வியாகக் கேட்கச் சொல்கிறேன். ‘படிக்கட்டில் பாசி இருந்தால் என்ன ஆகும்?’ “வழுக்கும்” என்று வந்தால் பாசி தெரிந்துவிட்டது. “அம்மா திட்டும்” என்று வந்தாலும் மதிப்பெண் போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை தேர்வுக்கு வியாழன் இரவு ஒன்பது மணிக்கு உட்காருவது குடும்ப மரபு. ஒரே மூச்சில் படித்தது வெள்ளிக்கிழமை வரை தாங்கும். அடுத்த திங்களுக்குத் தாங்காது. போன வாரச் சொற்கள் இரண்டை நான் நுழைப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். எப்பிங்கௌஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று 1885-இல் எழுதிவைத்தார். அவர் மனப்பாடம் செய்தது பொருளே இல்லாத அசைகளை. எங்கள் வகுப்பிலும் சிலர் அப்படியே படிக்கிறார்கள். தினமும் ஐந்து நிமிடம், முந்தைய நாள் தவறியதிலிருந்து தொடங்குங்கள் என்று கடிதத்தை முடித்திருந்தேன்.

செவ்வாயன்று அதன் பின்பக்கத்தில் ஒரு பாட்டியின் கையெழுத்தில் பதில் வந்தது. தவளை என்று அச்சாகியிருப்பது பிழையாம், நீர் மொண்டுவைக்கும் பித்தளைத் தவலைக்குச் சின்ன ‘ல’தானாம், கிணற்றடியில் அது இல்லாமல் எப்படி? அடுத்த வாரப் பட்டியல் சமையலறை. தவலையைச் சேர்த்துவிட்டேன், தவளையையும் பழைய சொல்லாக வைத்திருக்கிறேன். அந்தப் பாட்டி என்ன எழுதப்போகிறார் என்று பார்க்க வேண்டும்.