மட்டற்ற மகிழ்ச்சிக்கு ஒரு மட்டு வெய் மனே

இஞ்ச வா மனே. கூட்டாளிக்கு ஒலுவில்ல பட்டமளிப்பாம், வாழ்த்து எழுதிட்டியாம். வாசி பாப்பம். "மட்டற்ற மகிழ்ச்சியுடனும் எல்லையில்லாப் பேரானந்தத்துடனும், உள்ளம் பூரித்து, புளகாங்கிதமடைந்து, பெருமிதத்தோடு வாழ்த்துகிறேன்." சரி. அஞ்சு சந்தோசம் வரிசையா நிக்கிது. கூட்டாளி எங்கடா? அவன்ட பேரு கூட இல்லியே! இதக் கல்முனையில புதுசாத் திறக்கிற புடவைக் கடைக்கும் அனுப்பலாம் போல.

1995ல நம்மட பக்கத்துக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்திச்சி. அஷ்ரப் அமைச்சரா இருந்த காலம். அடுத்த வருசமே அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாச்சி, அதுதான் இப்ப ஒலுவில்ல இரிக்கி. அதுக்கு முந்தி நம்மட புள்ளையள் படிக்கப் போனா பேராதனை, கொழும்பு எண்டு பெரும்பாலும் தூரம்தான். பாஸ் பண்ணின செய்தி வந்தா ஆக்கள் தந்தி அடிப்பாங்க. தந்தியில சொல்லுக்குச் சொல் காசு. காசு குடுத்து 'மட்டற்ற' போடுற ஆள நீ கண்டிருக்கியா? இப்ப போன்ல சொல்லுக்குக் காசில்ல. வாய்க்கும் பூட்டில்ல.

கரைவலை இழுக்கிற இடத்துல நிண்டு பாரு. நாலு கீரி மீன் வந்தா ஒரு சத்தம். மடி நிறையப் பாரை வந்தா வேற சத்தம். நாலு கீரிக்கே தொண்டை கிழியக் கத்திட்டா, பாரை வரக்குள்ள என்னத்தால கத்துவாய்?

சந்தோசத்துக்கும் அப்படித்தான் படி இரிக்கி. வகுப்புல முகம் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு "மகிழ்ச்சி, வாழ்த்துக்கள்" எண்டு எழுது, போதும். மரியாதையான சொல்லு, கொஞ்சம் சட்டை போட்ட சொல்லு. அதுல 'க்' வருமா வராதா எண்டு படிச்சவங்க சண்டை புடிப்பாங்க, நீ அதுக்குள்ள போகாத. ஒண்டாத் தேத்தண்ணி குடிச்சவனுக்குச் "சந்தோசம்டா". உசிருக்கு உசிரான கூட்டாளிக்குச் "சரியான சந்தோசம்". நம்மட ஊருல 'சரியான' போட்டா அதுக்கு மேல 'மிக மிக' எதுக்கு? அதையும் தாண்டிப் போகணுமெண்டா உடம்பச் சொல்லு: "மனசு குளிர்ந்திச்சி", "கண்ணு கலங்கிட்டு". ஆனா ஒண்டு, கண்ணு மெய்யாவே கலங்கி இரிக்கணும். அவன் நேர்ல கண்டு கேட்டா முழிக்கக் கூடா.

சில சொல்லுக்குச் சொந்தக்காரன் இரிக்கான். பூரிப்பு அவன்ட உம்மாக்கு உள்ளது. பெருமிதம் வாப்பாக்கும் படிப்பிச்ச சேருக்கும். நீ என்ன, அவனுக்குப் பீஸ் கட்டினியா? குதூகலம் பெருநாள் சின்னப் புள்ளையளுக்கு. புளகாங்கிதம் யாருக்கெண்டு எனக்கு விளங்கல்ல, மேடையில பேசுறவங்கதான் அடிக்கடி அடையிறாங்க. நிம்மதி எண்டு ஒண்டு இரிக்கி, அது நல்ல சொல்லுதான். ஆனா ஒரு பாடத்த ரெண்டு தரம் எழுதினவனுக்கு "ஒரு மாதிரி முடிச்சிட்டாய், நிம்மதி" எண்டு எழுதிப் பாரு. மறுகா உன்ட வீட்டுப் பக்கம் வரவும் மாட்டான்.

அரபுச் சொல்லையும் அள்ளி வீசாத. நல்லதக் கண்டா "மாஷா அல்லாஹ்", கண்ணூறு படாம இரிக்கட்டும் எண்டு. "அல்ஹம்துலில்லாஹ்" அல்லாஹ்வுக்கு நன்றி சொல்றது. உனக்கும் சொல்லலாம்தான், பட்டம் எடுத்தவன்ட வாயில இன்னும் பொருத்தம். அவனுக்கு நீ செய்யிற துஆ "பாரகல்லாஹ்". ஒண்டு போதும். மூண்டையும் போட்டு நாலு பூப் படம் வெச்சா வாழ்த்தா, கலியாணக் காட்டா?

சரி, உன்ட கூட்டாளி ஆரு? மருதமுனையான். வாப்பா தறி அடிக்கிற மனுசன். அந்த வீட்டுல மொதப் பட்டதாரி. தறிச் சத்தத்துக்குள்ள குந்திப் படிச்சவன். இவ்வளவும் உனக்குத் தெரியும், எழுதினதுல ஒண்டையும் காணல்ல. வெட்டு எல்லாத்தையும். இப்ப இப்படி எழுது:

"மச்சான், தறிச் சத்தத்துக்குள்ள படிச்சே முடிச்சிட்டாய். உன்ட பேரக் கூப்பிடக்குள்ள வாப்பாட முகத்தப் பாக்கணும்போல இரிக்கி. எனக்குச் சரியான சந்தோசம்டா. பாரகல்லாஹ்."

சந்தோசம் எண்ட சொல்லு ஒரே ஒரு தரம்தான் வந்திரிக்கி. எது பெருசாத் தெரியுது, உன்ட அஞ்சா, இந்த ஒண்டா? ஒரு வாழ்த்து நல்லதா எண்டு பாக்க லேசான வழி இரிக்கி. பேர மாத்தி வேற ஒருத்தனுக்கு அனுப்பிப் பாரு. அவனுக்கும் பொருந்தினா அது உன்ட கூட்டாளிக்கு எழுதினதில்ல.

வெட்டின அஞ்சையும் கிழிச்சி எறியாத, எடுத்து வெய். பட்டத்துக்கே பேரானந்தத்தக் குடுத்து முடிச்சிட்டா, அரசாங்க நியமனக் கடிதம் வாற அண்டைக்கு அவனுக்கு என்னத்த எழுதுவாய்? நம்மட நாட்டுல அது வரக்குள்ள நீயே மெய்யாப் புளகாங்கிதம் அடைஞ்சிருவாய் மனே.