பணிந்து கேட்டுக்கொள்கிறேன்

எனக்குக் கைவந்த கடித நடை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்கு லீவு கேட்டு எழுதும் நடை. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, பணிவுடன் கேட்டுக்கொண்டு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவன் என்று முடிக்க வேண்டும். அந்த நடையை வைத்துத்தான் கல்லூரியில் சேர்ந்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், குடியிருப்பு சங்கத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதினேன். தண்ணீர் இன்னும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வேலைக்கு ஆஃபர் வந்தது. ஹெச்.ஆர். அம்மையார் போனில், “இப்போ வாங்குறதுக்கு மேல இருபத்தஞ்சு சதவீதம் சார்” என்றார். பழைய இடத்தில் சிடிசி 9,60,000 ரூபாய், புதிய இடத்தில் 12,00,000. போனை வைத்ததும் இனிப்பு வாங்கி வந்துவிட்டேன். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருந்த அட்டவணையைப் பார்த்தது இனிப்பு தீர்ந்த பிறகுதான். ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் பார்ப்பவன் தன் சம்பளக் கணக்கைக் கடைசியில் பார்ப்பது எங்கள் தொழில் மரபு.

அட்டவணை சொன்னது இது. 12 லட்சத்தில் 1,20,000 வேரியபிள் பே. வருஷக் கடைசியில் கம்பெனி நன்றாக ஓடினால் வரும், ஓடாவிட்டால் வராது. அடிப்படைச் சம்பளம் 4,80,000. அதில் கம்பெனியின் பங்காகப் பிஎஃப்-க்குப் போகும் 12 சதவீதம், அதாவது 57,600. அதையும் நம் சம்பளம் என்றே எழுதியிருந்தார்கள். கிராஜுவிட்டி 4.81 சதவீதம், சுமார் 23,100. ஐந்து வருஷம் இருந்தால்தான் அது கைக்கு வரும், ஆனால் சிடிசியில் முதல் நாளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இவற்றைக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 83,300. நம் பங்கு பிஎஃப், வரி எல்லாம் அதற்கு அப்புறம். பழைய இடத்தில் வேரியபிள் என்ற பேச்சே கிடையாது. அதே முறையில் போட்டால் அங்கே மாதம் 74,600. ஆக, இருபத்தைந்து சதவீதம் என்று போனில் கேட்டது மாதச் சம்பளத்தில் பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை.

அதோடு முடியவில்லை. பழைய கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில் அம்மாவும் உண்டு. புதிய இடத்தில் மனைவி, குழந்தைகளோடு சரி. சர்க்கரை வியாதி உள்ள அறுபத்தெட்டு வயது அம்மாவுக்குத் தனியாக பாலிசி கேட்டபோது ஏஜென்ட் சொன்ன பிரீமியம் வருஷத்துக்கு 38,000. ஏற்கெனவே இருக்கும் வியாதிக்குக் காத்திருப்புக் காலம் வேறு. அம்மாவின் சர்க்கரை காத்திருக்கத் தயாராக இல்லை.

சரி, கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். ராத்திரி பதினோரு மணி வரை எழுதிய மெயில் இது. அசல் ஆங்கிலத்தில் இருந்தது. அழுகை எந்த மொழியிலும் ஒன்றுதான் என்பதால் தமிழில் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதற்கண் மன்னிக்கவும். என்னையும் ஒரு பொருட்டாக மதித்துத் தாங்கள் அளித்த வாய்ப்புக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன். தவறாக எண்ண வேண்டாம். வீட்டுக் கடன், மகளின் டியூஷன், தாயாரின் மருத்துவம் என்று செலவுகள் கூடிவிட்டதால், நிர்வாகத்துக்குச் சிரமம் இல்லாத பட்சத்தில், சம்பளத்தைச் சற்று மறுபரிசீலனை செய்ய முடியுமா எனப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டாலும் பரவாயில்லை. தாங்கள் எது செய்தாலும் எனக்குச் சம்மதமே.”

எழுதி முடித்ததும் கண் கலங்கியது. அவ்வளவு நல்ல மனிதனா நான் என்று தோன்றியது.

மனைவி கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க மனு படிப்பவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். “என்னங்க, இது வேலைக்கா, நன்கொடைக்கா?” என்றாள். பிறகு, “எவ்வளவு வேணும்னு எங்க போட்டிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“சற்று-ன்னு போட்டிருக்கேனே.”

“சற்றுன்னா எவ்வளவு?”

மரியாதைக் குறைவாக இருக்குமே என்று தொகை போடவில்லை என்றேன். அதற்கு அவள் சொன்ன பதிலைச் சம்பளம் கேட்கும் எல்லோரும் கேட்க வேண்டும் என்பதால் அப்படியே தருகிறேன். “எங்க பேங்க்ல ஒருத்தர் வந்து ஏதாவது பாத்து செய்யுங்கம்மான்னு எழுதிக் குடுத்தா, எனக்கும் மனசு இரங்கத்தான் செய்யும். ஆனா சாங்ஷன் பண்றது நான் இல்ல, மேனேஜர். அவர்கிட்ட நான் எதை எடுத்துட்டுப் போறது? தொகை இருக்கணும், காரணம் இருக்கணும், அந்தக் காரணம் அவர் ஃபைல்ல எழுதக்கூடியதா இருக்கணும். உங்க ஹெச்.ஆர். அம்மாவும் இந்த மெயிலை யாருக்கோ ஃபார்வர்டு பண்ணித்தானே கேட்கணும்? எதை ஃபார்வர்டு பண்ணுவாங்க, உங்க கண்ணீரையா?”

யோசித்துப் பார்த்தால் உண்மை. எங்கள் கம்பெனியிலேயே சம்பள உயர்வுத் தாள்கள் ஃபைனான்ஸ் தலைமையிடம் போய்த்தான் திரும்பும். அவற்றை அடுக்கிக் கொண்டுபோய் வைப்பவன் நான். எந்தத் தாளிலும் மகளின் டியூஷன் பீஸ் என்ற காரணத்தை நான் பார்த்ததில்லை. செலவு நம் பிரச்சினை. கம்பெனி காசு கொடுப்பது நாம் செய்யும் வேலைக்கு. என் வீட்டுக் கடனைப் பார்த்துச் சம்பளம் போடுவதாக இருந்தால், இரண்டாவது பிளாட் வாங்கியவனுக்கு அல்லவா அதிகம் தர வேண்டும்?

மனைவி பேனாவை எடுத்தாள். முதலில் போனது மன்னிப்பு. “நீங்க என்ன தப்பு பண்ணினீங்க?” என்று கேட்டாள். வேறு சந்தர்ப்பத்தில் அவள் இப்படிக் கேட்டு நான் அறிந்ததில்லை. அடுத்து, ‘இயலாவிட்டாலும் பரவாயில்லை’ போனது. கேட்கும்போதே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டால், எதிராளிக்கு எந்தப் பதில் சுலபமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார். நிலையான சம்பளம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு லட்சம் வரை என்று ஒரு வீச்சாகப் போடலாமே என்றேன். “பதினொன்றுன்னு படிப்பாங்க” என்றாள். கடைசியாக எனக்கு ஒரு வீரம் வந்து, இன்னொரு கம்பெனியும் கூப்பிடுகிறது என்று அளந்துவிடலாமா என்று கேட்டேன். அந்த ஆஃபர் லெட்டரின் காப்பியை அனுப்புங்கள் என்று கேட்டால் என்ன செய்வீர்கள் என்றாள். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வீரம் அடங்கியது.

மன்னிப்பையும் கெஞ்சலையும் எடுத்த பிறகு மெயில் மொட்டையாகக் கிடந்தது. ஏதோ நோட்டீஸ் மாதிரி இருந்தது. அங்கேதான் கொஞ்சம் என் பங்கும் உண்டு என்று சொல்லிக்கொள்ள ஆசை. நேர்முகத்தின்போது அந்த அம்மையார், இரண்டு தொழிற்சாலை ஜிஎஸ்டி கணக்கும் ஒரே ஆள் தலையில் விழுந்து தவிப்பதை மறைக்காமல் சொன்னார். அது என் மனதில் நின்றது. அதையே நன்றியாக எழுதினோம். என்றென்றும் கடமைப்பட்டிருப்பதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இதை அவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும்.

முடிவில் நின்றது இப்படி:

“வணக்கம். ஆஃபருக்கு நன்றி. இரண்டு பிளான்ட்டின் ஜிஎஸ்டி வேலையில் உள்ள சிக்கலை அன்று நீங்கள் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வேலையைச் செய்ய ஆர்வமாக இருக்கிறேன். கையெழுத்திடும் முன் இரண்டு விஷயம் பேச வேண்டும்.

ஒன்று, நிலையான சம்பளம். இப்போது என் 9,60,000 முழுவதும் நிலையானது. உங்கள் ஆஃபரில் நிலையான பகுதி 10,80,000. நாம் பேசிய இருபத்தைந்து சதவீதத்தை நிலையான பகுதியில் கணக்கிட்டு, அதை 12,00,000 ஆக்கக் கேட்கிறேன். சப்ளையர்கள் ரிட்டர்ன் போடாததால் 2பி-யில் வராமல் நின்ற 14 லட்சம் ரூபாய் இன்புட் கிரெடிட்டைப் போன வருஷம் தொடர்ந்து விரட்டி மீட்டிருக்கிறேன். மாதக் கணக்கு முடிக்கும் காலத்தைப் பன்னிரண்டு நாளிலிருந்து ஐந்து நாளாக்கியிருக்கிறேன். உங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு, என் தாயாரைக் குழு மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வழி உண்டா?

இவை முடிவானால் இந்த வாரமே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். நாளை நான்கு மணிக்கு மேல் போனில் பேசவும் வசதிப்படும்.”

அனுப்பிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்கள், அம்மையார் என்னைப் பேராசைக்காரன் என்று நினைப்பார், பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்றெல்லாம் தோன்றியது. மனைவி குறட்டை விட்டாள். கடன் பிரிவில் இருப்பவர்களுக்கு நெஞ்சு உரம் அதிகம்.

மறுநாள் நாலரைக்குப் போன் வந்தது. அம்மையார் சாதாரணமாகப் பேசினார். இந்தப் பதவிக்கு உச்சவரம்பு 12 லட்சம், மொத்தத்தை அதற்கு மேல் ஏற்ற முடியாது, ஆனால் உங்கள் மெயிலை அப்படியே ஃபைனான்ஸுக்கு அனுப்பினேன், வேரியபிளைப் பாதியாக்கி நிலையான பகுதியை 11,40,000 ஆக்கச் சம்மதித்தார்கள் என்றார். மாதம் சரியாக 5,000 கூடியது. அம்மாவையும் சேர்க்கலாம், பிரீமியம் மட்டும் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். குழு விலை என்பதால் 18,000. சர்க்கரைக்கு முதல் நாளிலிருந்தே காப்பீடு உண்டு. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. வரம்பு என்று ஒன்று இருந்தால் எந்த நடையில் எழுதினாலும் அதைத் தாண்ட முடியாது. அதற்குள் என்ன மாற்றலாம் என்பதுதான் பேச்சு.

“ரொம்ப நன்றிங்க மேடம், உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன், மன்னிக்கணும்” என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போனில் சம்மதித்ததை அங்கேயே நம்பிவிடாதீர்கள். திருத்திய ஆஃபர் லெட்டரும் அந்த அட்டவணைப் பக்கமும் புதுத் தொகையோடு கைக்கு வந்த பிறகுதான் பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாள் நோட்டீஸைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கப் போகும் அந்த ராஜினாமாக் கடிதத்தில் வேண்டுமானால், பணிவு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சேர்த்துக்கொள்ளுங்கள்.