உடையவர் முதுகுக்குப் பின்னால் ஒரு டைரக்டர்

நான் ராஜபாளையத்துக்காரன். பள்ளி நாடகத்தில் மரமாக நடித்தவன். மூன்றாம் காட்சியில் மரம் தும்மியது. அத்தோடு என் கலைவாழ்க்கை முடிந்தாலும் அடுத்தவர் நடிப்பைக் குறை சொல்லும் தகுதி மட்டும் எனக்கு நிலைத்துவிட்டது. அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். உலகத்தின் முதல் மெதட் ஆக்டர் பிறந்த ஊர் அது. இதைச் சொன்னால் மாஸ்கோவில் கோபப்படுவார்கள். படட்டும். 1863-இல் பிறந்த ஸ்டானிஸ்லாவ்ஸ்கிக்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே ஒரு நந்தவனத்துத் துளசிச் செடியடியில் கிடைத்த பெண் குழந்தை, அவர் சொல்லப்போகும் பாடத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தது.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பா பெரியாழ்வார் தினமும் பெருமாளுக்கு மாலை கட்டி வைக்கிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் மகள் கோதை மாலையை எடுத்துத் தான் போட்டுக்கொண்டு, பெருமாளுக்குப் பொருத்தமான பெண்தானா என்று கிணற்று நீரில் பார்த்துக்கொள்கிறாள். இன்றும் கோயிலில் அந்தக் கண்ணாடிக் கிணற்றைக் காட்டுகிறார்கள். நாடகக்காரர்கள் இதை காஸ்ட்யூம் டிரையல் என்பார்கள். அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். டிரையல் கையும் மாலையுமாகப் பிடிபட்டது.

அதற்கு அடுத்த கட்டம்தான் விசேஷம். திருப்பாவைக்கு உரை எழுதிய ஆசாரியர்கள் கோதை செய்ததற்கு அநுகாரம் என்று பெயர் வைத்தார்கள். வில்லிபுத்தூரை ஆய்ப்பாடி என்று வைத்துக்கொண்டாள். வடபத்ரசாயி கோயில் நந்தகோபர் வீடு. உள்ளே படுத்திருக்கும் பெருமாள் கண்ணன். தோழிகள் ஆயர் பெண்கள், தானும் அவர்களில் ஒருத்தி. இதுவரை கற்பனை. இதற்கு மேல் உரைகாரர்கள் சொல்வதுதான் என்னைத் தூக்கிப்போட்டது: அவள் நடை இடைச்சி நடையாயிற்று, பேச்சு இடைப்பேச்சாயிற்று, கடைசியில் உடம்பிலேயே தயிரும் நெய்யுமாக முடைநாற்றம் வீச ஆரம்பித்துவிட்டது. பட்டர் வீட்டுப் பெண்! மாடு மேய்த்ததே கிடையாது. ஊருக்குப் பால்கோவா வந்து சேர இன்னும் பல நூற்றாண்டு இருக்கிறது, வாசனை மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது.

(ஆண்டாளைப் பற்றி வாய் திறப்பதில் எனக்குப் பயம் உண்டு. 2018 ஜனவரியில் எங்கள் ராஜபாளையத்து மேடையில் ஒரு கவிஞர் அவளைப் பற்றிப் பேசப்போய், தமிழ்நாடே கொஞ்ச நாள் தெருக்கூத்து பார்த்தது. நான் பேசுவது நடிப்பைப் பற்றி மட்டும்தான், சாமி.)

மெதட் என்றால் பழைய சோகத்தைத் தோண்டி எடுத்து அழுவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செத்துப்போன நாய்க்குட்டியை நினைத்துக்கொண்டு காதல் தோல்விக் காட்சியில் கண்ணீர் விடுவது. நியூயார்க்கில் லீ ஸ்ட்ராஸ்பெர்க் பெரிதாக வளர்த்தது அந்த வழியைத்தான். ஆனால் ஸ்டெல்லா ஆட்லர் என்ற நடிகை 1934-இல் பாரிசுக்குப் போய் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடமே நேரில் பாடம் கேட்டார். கிழவர் அதற்குள் அந்த வழியிலிருந்து நகர்ந்துவிட்டிருந்தார். நீ நிற்பது எந்த இடம், இது யார் வீடு, என்ன பொழுது, உனக்கு இப்போது என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கற்பனை செய்து அதற்கேற்ற காரியத்தைச் செய், உணர்ச்சி தானாகப் பின்னால் வரும் என்பது அவர் கட்சி. ஊர் திரும்பிய ஆட்லருக்கும் ஸ்ட்ராஸ்பெர்குக்கும் நடந்த சண்டை ஆயுசுக்கும் ஓயவில்லை. கோதை ஆட்லர் கட்சி. அவளுக்குத் தோண்டி எடுக்கப் பழைய ஆய்ப்பாடி ஞாபகம் எதுவும் இல்லை. இடத்தை மாற்றினாள், நேரத்தை விடியற்காலை ஆக்கினாள், தோழிகளை எழுப்பும் காரியத்தைக் கையில் எடுத்தாள். நடை தானாக மாறியது.

இந்த வழியில் ஒரு ஆபத்தும் உண்டு. வடக்கே பக்தமால் கதைகளில் ஒன்று, பூரி நீலாசலத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். நரசிம்ம நாடகம். நரசிம்மராக நடித்தவர் ஆவேசத்தில் இரணியனாக நடித்தவரை நிஜமாகவே கொன்றுவிட்டார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பழைய பகையைத் தீர்த்துக்கொண்டான் என்றது ஒரு கட்சி, சாமி வந்துவிட்டது என்றது இன்னொன்று. எப்படித் தீர்ப்பது? ஒரு விமர்சகர் கூட்டம் சேர்ந்து யோசனை சொன்னது: அடுத்து இவனைத் தசரதனாகப் போடுங்கள். போட்டார்கள். ராமன் காட்டுக்குப் போனான், இவர் மேடையிலேயே உயிரை விட்டார். சந்தேகம் தீர்ந்தது, நடிகரும் தீர்ந்தார். நடிப்பைச் சோதிக்க இதைவிடக் கறாரான முறை இல்லைதான். ஆனால் கம்பெனி நடத்துபவனுக்குக் கட்டுபடியாகாது.

சரி, சாகாமல் நடிப்பது எப்படி? தொல்காப்பியர் காலத்திலேயே நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டு பேச்சு இருந்திருக்கிறது. அவர் சொன்னது அகப்பாட்டுக்கு. நான் மேடைக்குக் கடன் வாங்கிக்கொள்கிறேன். உலகத்தில் நடக்கிற மாதிரியே செய்தால் ஒன்று, மேடைக்கென்று வகுத்த முறையில் செய்தால் மற்றொன்று. இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஒரு நாள் உண்டு. மேடை ஸ்ரீரங்கம், பாட்டு எங்கள் வில்லிபுத்தூர் பெரியாழ்வாருடையது.

அரையர் சேவை என்பது பாசுரத்தைப் பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, உரையும் சொல்வது. நாதமுனிகள் தொடங்கிவைத்ததாகப் பாரம்பரியம். கூம்பு மாதிரி ஒரு குல்லாய், பெருமாள் சாத்திக் களைந்த மாலை, கையில் தாளம். செட் கிடையாது, லைட் கிடையாது, வேஷம் மாற்றுவதும் கிடையாது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார், ஒவ்வொரு முறையும் அபிநயம் வேறாக இருக்கலாம். சினிமாவில் டேக் என்கிறோமே, அதை ஜனங்கள் முன்னாலேயே எடுக்கிற ஏற்பாடு.

ராமானுஜர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் அவருடைய சித்தி மகன் எம்பார். அரையர் எடுத்துக்கொண்டது கண்ணன் அப்பூச்சி காட்டும் பதிகம். அப்பூச்சி என்றால் நம் பூச்சாண்டிதான். குழந்தைகள் ஒன்றையொன்று பயமுறுத்தும் விளையாட்டு. அரையர் என்ன செய்தார்? இமையை மேலே மடக்கிச் சிவப்பைக் காட்டினார். எங்கள் தெருவில் இன்றும் பையன்கள் செய்வதுதான். சுத்தமான உலகியல் நடிப்பு. கூட்டம் ரசித்திருக்கும், நானாக இருந்தால் கைதட்டியிருப்பேன்.

எம்பார் கைதட்டவில்லை. உடையவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அரையருக்கு மட்டும் தெரியும்படி இரண்டு கையையும் தோளுக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினார். சங்கு, சக்கரம். அரையர் புத்திசாலி. அடுத்த முறை அடி திரும்பி வந்தபோது இமையை விட்டுவிட்டு, திடீரென்று சங்கு சக்கரம் ஏந்திய கையைக் காட்டினார். ராமானுஜர் திரும்பிக்கூடப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. எம்பார் கூட்டத்தில் இருப்பதை அவர் இந்த மாற்றத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார் என்று குருபரம்பரை சொல்கிறது. முதல் டேக்குக்கும் இரண்டாம் டேக்குக்கும் நடுவே வேறு ஒருவர் மூளை புகுந்திருப்பதை மோந்து பிடித்தவர் அவர். இன்றைய சினிமா விமர்சகருக்கு இந்த மூக்கு இருந்தால் பல படங்களுக்கு உண்மையான டைரக்டர் யார் என்பது தெரிந்துவிடும்.

முதல் அபிநயத்தில் என்ன தப்பு? பார்க்கப்போனால் தப்பே இல்லை. அகராதியில் அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தத்தைச் சரியாக நடித்தார். ஆனால் பாட்டு எப்படித் தொடங்குகிறது என்பதை மறந்துவிட்டார். அந்தப் பதிகம் எடுத்த எடுப்பிலேயே கண்ணன் கையிலுள்ள சங்கைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. பாண்டவருக்காகத் தூது போனதையும் பாரதப் போர் நடத்தியதையும் சொல்லிவிட்டு, அப்பேர்ப்பட்டவன் இப்போது பூச்சாண்டி காட்டுகிறான் என்று முடிகிறது. பூச்சாண்டிக்கு வேண்டிய சாமான் முதல் வரியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல நடிகன் தன் வசனத்தை மட்டும் படிப்பதில்லை, அதற்கு முன்னால் இருப்பதையும் படிக்கிறான். இரண்டாவது, ஆய்ப்பாடிக்காரர்கள் இமை மடக்கலுக்கா பயப்படுவார்கள்? அவர்கள் பிள்ளைகளே தினம் பத்துத் தடவை செய்வது அது. நேற்று வரை இரண்டு கையோடு வெண்ணெய் திருடிய பையனுக்குத் திடீரென்று நாலு கை முளைத்தால்தான் அலறுவார்கள். எதிரே நிற்பவர் பயந்தாரா என்பதில் இருக்கிறது நடிப்பு, செய்கிறவர் எவ்வளவு முகத்தைச் சுளித்தார் என்பதில் இல்லை.

ஆனால் இதை வைத்து நாடக வழக்கு ஜெயித்தது, உலகியல் தோற்றது என்று தீர்ப்பெழுதினால் எம்பாரே அடிக்க வருவார். சங்கு சக்கரத்தைப் பரமபத நாதனைப் போலக் கம்பீரமாகக் காட்டிப் பாருங்கள். பார்க்கிறவர்கள் பயப்பட மாட்டார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கைக்குள் குறும்புப் பையன் இருந்தாக வேண்டும். போதாததற்கு, பதிகத்தில் பேசுவது கண்ணன் இல்லை, பயந்துபோன ஆய்ச்சி. அரையரின் கை பயமுறுத்த வேண்டும், அதே நேரம் குரல் பயப்பட வேண்டும். ஒரே உடம்பில் இரண்டு பேர். இது முடிந்தால் அவர் நடிகர், முடியாவிட்டால் குல்லாய் போட்ட பாடகர்.

பெரியாழ்வாரை நாம் திரையில் பார்த்தது 1968-இல், ‘திருமால் பெருமை’யில். சிவாஜி கணேசன் அந்த ஒரே படத்தில் பெரியாழ்வார், தொண்டரடிப்பொடி, திருமங்கை மன்னன் என்று மூன்று ஆழ்வார்களாக வந்தார். ஓவர் ஆக்டிங் என்று சொல்பவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள். அவர் பயின்றது பாய்ஸ் கம்பெனியில். மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசை அணாக்காரருக்கும் புருவம் தெரிய வேண்டும். புருவம் தெரியாது, அதனால் கையும் குரலும் பெரிதாயின. மைக்கும் குளோசப்பும் வந்த பிறகு பிறந்த இயல்பு நடிப்பு, கருவி கொடுத்த சலுகை. ஆகவே பெரிதா சிறிதா என்று கேட்காமல், மூன்று ஆழ்வாரும் மூன்று பேராகத் தெரிகிறார்களா என்று கேளுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு நடையை மட்டும் பாருங்கள். நாமத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டியிருந்தால் அங்கே நடிப்பு பலவீனம்.

அரையர்களுக்கு இதே பரீட்சை முத்துக்குறி. பெருமாள் மேல் காதலில் உருகும் மகள், கவலைப்படும் தாய், முத்துகளைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி, மூன்றும் ஒரே அரையர். குல்லாய் மாறாது, மாலை மாறாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருமுறை முத்துக்குறி பார்க்கப்போய், கூட்டத்தில் ஒரு பாட்டி பக்கத்தில் இடம் கிடைத்தது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, “பாட்டி, முழிச்சுக்கோங்க, குறிகாரி வந்துட்டா” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, “அவ அப்பவே போயிட்டாப்பா. இப்ப பேசுறது ஆத்தா” என்றார்.